சராசரியின் இரு மடங்கா, மிகப் பெரிய மதிப்பா? மதிப்பீட்டளவைகளை ஒப்பிடும் ஒரு தேர்வுக் கணக்கு

புள்ளியியல் முதுகலை வினாத்தாள்களில் பத்து மதிப்பெண் பகுதியில் அடிக்கடி தலைகாட்டும் கணக்கு ஒன்று உண்டு. ஒரே பண்பளவையை இரண்டு வழிகளில் மதிப்பிடச் சொல்வார்கள். பிறகு இரண்டின் பிறழ்ச்சியையும் பரவற்படியையும் கேட்பார்கள். பிறழ்ச்சி என்பது, மதிப்பீட்டின் சராசரி உண்மை மதிப்பிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதுதான். கடைசியில், “எது சிறந்தது? காரணம் கூறுக” என்று ஒரு வரி இருக்கும். முதல் இரண்டு பகுதிகளை மனப்பாடத்தில் எழுதிவிடலாம். அந்தக் கடைசி வரியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “பிறழ்ச்சியற்றது என்பதால் முதலாவதே சிறந்தது” என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஏராளம். ஆகவே அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போட்டுப் பார்ப்போம். பரவற்படி என்றால் என்ன, தொகையீடு எப்படிச் செய்வது என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கணக்கு

ஒரு நிறுத்தத்துக்கு ஒரு குறிப்பிட்ட தடப் பஸ் சரியாக θ நிமிடங்களுக்கு ஒரு முறை வருகிறது. θ எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. கால அட்டவணை தெரியாத ஐந்து பயணிகள், வெவ்வேறு நாட்களில், ஏதோ ஒரு நேரத்தில் நிறுத்தத்துக்கு வருகிறார்கள். அவர்கள் காத்திருந்த நேரம் நிமிடங்களில்: 3, 7, 2, 12, 1. காத்திருக்கும் நேரம் 0 முதல் θ வரை சீரான பரவல் கொண்டது எனில்,

(அ) மொமென்ட் முறையில் θ-வை மதிப்பிடுக.
(ஆ) மீப்பெரு நிகழ்வாய்ப்பு முறையில் θ-வை மதிப்பிடுக.
(இ) இரண்டின் பிறழ்ச்சியையும் பரவற்படியையும் காண்க.
(ஈ) எதை ஏற்பீர்கள்?

சீரான பரவல் என்பது இங்கே வலிந்து திணித்த அனுமானம் அல்ல. பஸ் தவறாமல் θ நிமிட இடைவெளியில் வந்து, பயணி எந்த நொடியிலும் வரக்கூடும் என்றால், அடுத்த பஸ்ஸுக்கான நேரம் 0-க்கும் θ-வுக்கும் இடையே எந்த மதிப்பையும் சம வாய்ப்போடு எடுக்கும். பஸ் நேரம் தவறினால் இந்த மாதிரி உடைந்துவிடும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளைவைப் பின்னால் ஒரு பகுதியில் பார்ப்போம்.

முதல் படி: மொமென்ட் முறை

பாடப்புத்தகங்களில் விலக்கப் பெருக்குத்தொகை முறை என்று இருப்பதைத்தான் வகுப்பறையில் மொமென்ட் முறை என்கிறார்கள். 1890-களில் கார்ல் பியர்சன் பயன்படுத்திப் புகழ்பெறச் செய்த வழி இது. நேப்பிள்ஸ் கடற்கரை நண்டுகளின் அளவுகளை இரண்டு இயல்நிலைப் பரவல்களாகப் பிரிக்க, 1894-இல் அவர் ஒன்பதாம் படிச் சமன்பாடு வரை போக வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பரவலின் சராசரியைப் பண்பளவையில் எழுத வேண்டும், அதைக் கூறின், அதாவது கையில் உள்ள தரவின், சராசரியோடு சமப்படுத்த வேண்டும், பிறகு பண்பளவைக்குத் தீர்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

0 முதல் θ வரையிலான சீரான பரவலின் சராசரி θ/2. ஆகவே X̄ = θ/2 என்று வைத்தால், மதிப்பீட்டளவை

```
T = 2X̄
```

நம் கூறில் கூட்டுத்தொகை 25, சராசரி 5. எனவே T = 10 நிமிடங்கள்.

விடையை அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போகும் முன் தரவை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்கிறது நம் மதிப்பீடு. ஆனால் ஒரு பயணி பன்னிரண்டு நிமிடம் காத்திருந்திருக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பஸ் வரும் நிறுத்தத்தில் அது நடக்கவே நடக்காது. கணக்கில் தவறு ஏதும் இல்லை. முறையின் இயல்பே இதுதான்: அது சராசரியை மட்டும் பார்க்கிறது, தனித்தனி மதிப்புகளைப் பார்ப்பதில்லை.

இப்படி நேர்வது அரிதா என்றால், இல்லை. ஐந்து பேர் கொண்ட கூறுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் T, கூறின் மிகப் பெரிய மதிப்பைவிடச் சிறியதாக வந்துவிடும். கூறு பெரிதானால் சரியாகிவிடும் என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. கூறில் உள்ள மதிப்புகளின் எண்ணிக்கை n = 100 என்றால் இந்த வாய்ப்பு சுமார் 43 விழுக்காடு; n மேலும் வளர வளர அது பாதியை நெருங்கும். காரணம் எளிது. மிகப் பெரிய மதிப்பு θ-வுக்கு மிக அருகில் போய் ஒட்டிக்கொள்கிறது; T-யோ θ-வின் இரு பக்கமும் சமமாக ஊசலாடுகிறது. ஆகவே ஏறக்குறைய பாதி நேரம் அது மிகப் பெரிய மதிப்புக்குக் கீழே விழுகிறது. T பொய்யான விடை தரும் அளவு குறைந்துகொண்டே போகும் என்பது உண்மை. ஆனால் பொய்யான விடை தரும் தடவைகள் குறைவதில்லை.

இரண்டாம் படி: மீப்பெரு நிகழ்வாய்ப்பு முறை

1922-இல் ரொனால்டு ஃபிஷர் தம் கட்டுரையில் முழு வடிவம் கொடுத்த முறை இது. கையில் உள்ள தரவு கிடைப்பதற்கான நிகழ்தகவு அடர்த்தியை θ-வின் சார்பாகப் பார்த்து, அதைப் பெருமமாக்கும் θ-வைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. ஒவ்வொரு மதிப்பின் அடர்த்தியும் 1/θ. மதிப்புகள் சாராதவை என்பதால் பெருக்கினால்

```
L(θ) = 1/θⁿ
```

இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. பழக்க தோஷத்தில் மடக்கை எடுத்து, வகையிட்டு, சுழியத்துக்குச் சமப்படுத்துவார்கள். −n/θ = 0 என்று வரும். இதற்குத் தீர்வே கிடையாது. சிலர் அங்கேயே நிறுத்தி “மதிப்பீட்டளவை இல்லை” என்று எழுதிவிடுவார்கள். வேறு சிலர் θ முடிவிலியை நோக்கிப் போகிறது என்று எழுதுவார்கள். இரண்டுமே தவறு.

விட்டுப்போனது அடர்த்தியின் எல்லை. 1/θ என்ற மதிப்பு 0 ≤ x ≤ θ என்ற இடத்தில்தான் செல்லும்; அதற்கு வெளியே அடர்த்தி 0. எனவே L(θ) = 1/θⁿ என்பது θ, கூறின் எந்த மதிப்பையும்விடச் சிறியதாக இல்லாதபோது மட்டுமே உண்மை. அதாவது θ ≥ M. இங்கே M என்பது கூறின் மிகப் பெரிய மதிப்பு. θ < M என்றால் L(θ) = 0.

எண்களில் பார்த்தால் உடனே விளங்கும். θ = 10 அல்லது 11 என்றால், 12 என்ற மதிப்பு வர வழியே இல்லை; L = 0. θ = 12 என்றால் L = 1/248832. θ = 15 என்றால் L = 1/759375, அதைவிடச் சிறியது. ஆக, சார்பு 12 வரை தரையோடு படுத்துக் கிடந்து, 12-இல் சட்டென்று செங்குத்தாக எழுந்து, பிறகு இறங்கிக்கொண்டே போகிறது. உச்சி அந்தச் செங்குத்து விளிம்பில்தான் இருக்கிறது. வகைக்கெழு சுழியமாகும் இடம் எதுவும் கிடையாது. பெருமம் விளிம்பில் அமைகிறது. விடைத்தாளில் இந்தப் படத்தை நான்கு கோடுகளில் வரைந்து காட்டினால், ஒரு பத்தி விளக்கத்தைவிட அது நன்றாகப் பேசும்.

```
M = max(X₁, …, Xₙ)
```

நம் கூறுக்கு M = 12 நிமிடங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. கேள்வியில் 0 < x < θ என்று திறந்த இடைவெளி இருந்தால், கறாராகப் பார்க்கும்போது உச்சி எட்டப்படுவதில்லை. ஆகவே “அடர்த்தியை 0 ≤ x ≤ θ என எடுத்துக்கொள்கிறோம்” என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. ஒரு புள்ளியில் அடர்த்தியை மாற்றுவதால் பரவல் மாறாது.

மூன்றாம் படி: T-யின் பிறழ்ச்சியும் பரவற்படியும்

இது இரண்டு வரி வேலை. E(T) = 2·θ/2 = θ; பிறழ்ச்சி 0. சீரான பரவலின் பரவற்படி θ²/12. சராசரிக்கு அதை n-ஆல் வகுக்க வேண்டும். முன்னால் இருக்கும் 2 வெளியே வரும்போது 4 ஆகும்.

```
Var(T) = 4 · θ²/(12n) = θ²/(3n)
```

2-ஐ வர்க்கப்படுத்த மறந்து θ²/(6n) என்று எழுதுபவர்கள் உண்டு. n = 1 என்று வைத்துச் சரிபாருங்கள்: T = 2X என்பது 0 முதல் 2θ வரை சீராகப் பரவும்; அதன் பரவற்படி (2θ)²/12 = θ²/3. சூத்திரம் ஒத்துப்போகிறது.

நான்காம் படி: M-இன் பிறழ்ச்சியும் பரவற்படியும்

M ஒரு கூட்டுத்தொகை அல்ல என்பதால், அதன் பரவலை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வழி இதுதான்: மிகப் பெரியது m-ஐத் தாண்டவில்லை என்றால், எல்லா மதிப்புகளும் m-ஐத் தாண்டவில்லை என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் அதன் நிகழ்தகவு m/θ. சாராதவை என்பதால் பெருக்கலாம்.

```
P(M ≤ m) = (m/θ)ⁿ
f(m) = n mⁿ⁻¹ / θⁿ,   0 ≤ m ≤ θ
```

இனித் தொகையீடு. m-ஆல் பெருக்கி 0 முதல் θ வரை தொகையிட்டால் E(M). m²-ஆல் பெருக்கித் தொகையிட்டால் E(M²).

```
E(M)  = nθ/(n+1)
E(M²) = nθ²/(n+2)
```

பிறழ்ச்சி = nθ/(n+1) − θ = −θ/(n+1). குறியைக் கழற்றிவிடாதீர்கள். அந்த எதிர்க்குறிதான் M எப்போதும் θ-வுக்குக் கீழேயே நிற்கிறது என்பதைச் சொல்கிறது. ஐந்து பேரில் அதிகம் காத்திருந்தவர்கூடப் போன பஸ்ஸைச் சரியாக அந்த நொடியில் தவறவிட்டிருக்க மாட்டார் அல்லவா?

பரவற்படிக்கு E(M²) − [E(M)]² என்று போட்டு n-ஐயும் θ²-ஐயும் வெளியே எடுத்தால், அடைப்புக்குள் 1/(n+2) − n/(n+1)² மிஞ்சும். அதன் தொகுதி (n+1)² − n(n+2). விரித்துப் பார்த்தால் அது வெறும் 1.

```
Var(M) = nθ² / [(n+1)²(n+2)]
```

அந்த 1 வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். உடனே திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

ஐந்தாம் படி: எதை வைத்து ஒப்பிடுவது

இப்போது நம் கையில் இருப்பவை: பிறழ்ச்சியற்ற, ஆனால் அகலமாகச் சிதறும் T, பிறழ்ச்சியுள்ள, ஆனால் நெருக்கமாகக் குவியும் M. ஒன்று பிறழ்ச்சியில் வெல்கிறது, மற்றது பரவற்படியில் வெல்கிறது. தனித்தனியாக ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் முடிவுக்கு வர முடியாது. இரண்டையும் ஒரே எண்ணில் சேர்க்கும் அளவு வேண்டும். உண்மை மதிப்பிலிருந்து விலகலின் வர்க்கத்துக்குச் சராசரி எடுத்தால் அது கிடைக்கும். இதைச் சராசரி வர்க்கப் பிழை என்கிறோம்.

```
MSE = Var + (பிறழ்ச்சி)²
```

T-க்குப் பிறழ்ச்சி இல்லை; ஆகவே MSE(T) = θ²/(3n). M-க்கு இரண்டு உறுப்புகளையும் கூட்டினால், தொகுதியில் n + (n+2) = 2(n+1) வந்து ஒரு (n+1) அடிபடும்.

```
MSE(M) = 2θ² / [(n+1)(n+2)]
```

இரண்டையும் சமப்படுத்திப் பாருங்கள். (n+1)(n+2) = 6n, அதாவது n² − 3n + 2 = 0. தீர்வுகள் n = 1, n = 2. இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரே ஒரு பயணியோ இரண்டு பயணிகளோ இருந்தால், இரு மதிப்பீட்டளவைகளுக்கும் சராசரி வர்க்கப் பிழை துல்லியமாகச் சமம். n = 3 முதல் M வெல்லத் தொடங்குகிறது; அதன் பிறகு T எட்டிப்பிடிப்பதே இல்லை. “n ≥ 3 எனில் M சிறந்தது; n = 1, 2 எனில் இரண்டும் சமம்” என்று எழுதுவதுதான் முழு விடை. பலர் n பெரிதாகும்போது என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

வெற்றியின் அளவும் முக்கியம். T-யின் பிழை 1/n வேகத்தில் குறைகிறது. M-இன் பிழை 1/n² வேகத்தில் குறைகிறது. n = 5 என்றால் T-யின் சராசரி வர்க்கப் பிழை M-இன் பிழையைப்போல் 1.4 மடங்கு. n = 10 என்றால் 2.2 மடங்கு. n = 100 என்றால் 17 மடங்குக்கும் மேல். பிறழ்ச்சியற்ற தன்மைக்கு T கொடுக்கும் விலை கூறு பெரிதாகப் பெரிதாக ஏறிக்கொண்டே போகிறது.

ஆறாம் படி: M-இன் பிறழ்ச்சியைத் திருத்துதல்

M-இன் குறை எவ்வளவு என்று சரியாகத் தெரிந்துவிட்டது. E(M) = nθ/(n+1) என்பதால், M-ஐ (n+1)/n-ஆல் பெருக்கினால் பிறழ்ச்சி மறையும்.

```
U = (n+1)M/n = M + M/n
Var(U) = θ² / [n(n+2)]
```

இரண்டாவது வடிவத்தைக் கவனியுங்கள். M வரையிலான தூரத்தில் n மதிப்புகள் இருக்கின்றன. சராசரி இடைவெளி M/n. அதே இடைவெளி M-க்கு மேலேயும் இருக்கும் என்று எண்ணி ஒன்றைக் கூட்டுகிறோம். நம் தரவுக்கு 12 + 2.4 = 14.4 நிமிடங்கள்.

இதே எண்ணம் இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகளுக்குக் கைகொடுத்தது. கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளின் தொடர் எண்களை வைத்து மாத உற்பத்தியைக் கணித்தார்கள். 1942 ஆகஸ்டுக்கு உளவுத் துறை சொன்ன எண் 1550. புள்ளியியல் மதிப்பீடு 327. போருக்குப் பின் கிடைத்த ஜெர்மானியப் பதிவேடு காட்டியது 342. முழு எண்களுக்கான எளிய சூத்திரத்தில் கூட்டுவது M/n − 1. நம்முடையதிலிருந்து அந்த −1 மட்டுமே வேறுபாடு.

U பிறழ்ச்சியற்றது. அதன் பரவற்படி, n = 1 தவிர மற்ற எல்லாவற்றிலும் T-யினுடையதைவிடக் குறைவு. எனவே பிறழ்ச்சியற்றது வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கும் T-யைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. M முழுமையான போதுமான அளவை என்பதால், பிறழ்ச்சியற்ற மதிப்பீட்டளவைகள் அனைத்திலும் மிகக் குறைந்த பரவற்படி உடையது U என்று லேமன்–ஷெஃபே தேற்றத்தின்படி சொல்லலாம். பிறழ்ச்சியைக் கொஞ்சம் அனுமதித்தால் இன்னும் ஒரு படி கீழே போகலாம்: M-இன் மடங்குகளில் சராசரி வர்க்கப் பிழையை மிகக் குறைப்பது (n+2)M/(n+1); அதன் பிழை θ²/(n+1)². நம் தரவுக்கு அது 14 நிமிடங்கள். U-வுக்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. கேள்வியில் கேட்காவிட்டால் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

கிராமர்–ராவ் எல்லையைத் தொடாதீர்கள்

“எது திறன்மிக்கது” என்ற சொல்லைப் பார்த்தவுடன் சிலர் கிராமர்–ராவ் எல்லையைக் கொண்டுவருவார்கள். ln f = −ln θ; வகைக்கெழு −1/θ; அதன் வர்க்கம் 1/θ². ஆகவே பிறழ்ச்சியற்ற எந்த மதிப்பீட்டளவைக்கும் பரவற்படி θ²/n-க்குக் குறையாது என்று எழுதுவார்கள். சற்று முன்புதான் T-யின் பரவற்படி θ²/(3n) என்று கண்டோம். அதுவே இந்த “எல்லை”யில் மூன்றில் ஒரு பங்கு! U-வின் பரவற்படி அதற்கும் வெகு கீழே. தேற்றம் பொய்யாகிவிடவில்லை, அதன் நிபந்தனை இங்கே நிறைவேறவில்லை. அடர்த்தி சுழியமாகாத இடம் θ-வைச் சார்ந்திருந்தால், வகையிடலையும் தொகையிடலையும் இடம் மாற்ற முடியாது. மாற்ற முடியாதபோது எல்லை செல்லாது. இதே காரணத்தால்தான் M-இன் பரவல் பெரிய கூறில் இயல்நிலைப் பரவலை நெருங்குவதில்லை. n(θ − M) என்பது சராசரி θ கொண்ட அடுக்குக்குறிப் பரவலை நெருங்குகிறது.

மீப்பெரு நிகழ்வாய்ப்பு மதிப்பீட்டளவைகளைப் பற்றிப் பாடத்தில் படிக்கும் வழக்கமான பெருமைகள், அதாவது இயல்நிலையை நெருங்கும், எல்லையை எட்டும் என்பவை, இந்தக் கணக்கில் எதையும் நிரூபிக்க உதவாது. M இங்கே வெல்வது நாம் கையால் போட்ட தொகையீட்டால்தான். விடைத்தாளிலும் அதையே காரணமாகக் காட்ட வேண்டும்.

கணினியில் சரிபார்த்தல்

வீட்டில் பயிற்சி செய்யும்போது, θ = 15 என்று வைத்து ஒரு லட்சம் கூறுகளை உருவாக்கிப் பாருங்கள்.

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
theta, n = 15, 5
x = rng.uniform(0, theta, (100000, n))
T = 2 * x.mean(axis=1)
M = x.max(axis=1)
U = M * (n + 1) / n
for e in (T, M, U):
    print(e.mean() - theta, e.var(), ((e - theta)**2).mean())
print((T < M).mean())
```

ஒவ்வொரு வரியிலும் பிறழ்ச்சி, பரவற்படி, சராசரி வர்க்கப் பிழை என்ற வரிசையில் எண்கள் வரும். T-க்கு 0, 15, 15 என்ற எண்களை ஒட்டி வர வேண்டும். M-க்கு −2.5, 4.46, 10.71. U-வுக்கு 0, 6.43, 6.43. கடைசி வரி 0.20 அருகில் வரும். முதல் படியில் சொன்ன அந்த ஐந்தில் ஒன்று அதுதான். M-க்கு உரிய மூன்று எண்களில் 2.5-இன் வர்க்கமான 6.25-ஐ 4.46-உடன் கூட்டினால் 10.71 வருகிறதா என்று பாருங்கள். M-இன் பிழையில் பாதிக்கு மேல் பிறழ்ச்சியால் வந்தது. அதனால்தான் திருத்திய U இவ்வளவு கீழே இறங்குகிறது.

எங்கே M-ஐ நம்பக் கூடாது

தேர்வில் கேட்க மாட்டார்கள். ஆனால் நேர்முகத்தில் கேட்கக்கூடும். M முழுக்க முழுக்க ஒரே மதிப்பின் மேல் நிற்கிறது. பதிவு செய்தவர் 12-ஐ 21 என்று மாற்றி எழுதிவிட்டால் M நேரே 21-க்குத் தாவும். U இன்னும் மோசம்: 25.2. T-யோ 13.6-க்குத்தான் நகரும். அதே போல், ஒரு நாள் பஸ் பழுதாகி ஒருவர் 40 நிமிடம் காத்திருந்தால், M அந்த ஒரு நாளை வைத்தே θ-வை முடிவு செய்துவிடும். நாம் கண்ட ஒப்பீடு முழுவதும் மாதிரி சரியாக இருக்கிறது என்ற நிபந்தனையின் பேரில் நிற்கிறது. தரவு அழுக்காக இருந்தால் அந்த 17 மடங்கு ஆதாயம் ஒரே பிழையில் காணாமல் போகலாம். ஆகவே M-ஐப் பயன்படுத்தும் முன் மிகப் பெரிய மதிப்பை மட்டுமாவது மூலப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வியைத் திருப்பிப் போட்டால்

வினாத்தாள் தயாரிப்பவர்கள் இதே கணக்கைச் சற்றுத் திருப்பி, பரவலை −θ முதல் θ வரை என்று கொடுப்பது உண்டு. இப்போது சராசரி 0; X̄ = 0 என்று சமப்படுத்தினால் θ-வே மறைந்துவிடும். மொமென்ட் முறையில் இரண்டாம் மொமென்டுக்குப் போக வேண்டும். E(X²) = θ²/3 என்பதால்,

```
T* = √(3 Σxᵢ² / n)
```

மீப்பெரு நிகழ்வாய்ப்பு முறையில் அடர்த்தி 1/(2θ). நிபந்தனை எல்லா |xᵢ|-உம் θ-வைத் தாண்டக் கூடாது என்பது. எனவே விடை |xᵢ|-களில் மிகப் பெரியது. |X| என்பது 0 முதல் θ வரை சீராகப் பரவுவதால், நான்காம், ஐந்தாம் படிகளில் கண்ட E(M), Var(M), MSE(M) எதையும் மீண்டும் போட வேண்டாம், அப்படியே எழுதிவிடலாம்.

ஆனால் T*-ஐப் பிறழ்ச்சியற்றது என்று எழுதிவிடாதீர்கள். வர்க்கமூலத்துக்குள் இருப்பதன் எதிர்பார்ப்பு θ² என்பது உண்மைதான். வர்க்கமூலச் சார்பு கீழ்நோக்கி வளைந்தது என்பதால், ஜென்சன் சமனிலியின்படி E(T*) < θ. இந்த வடிவத்தில் இரண்டு மதிப்பீட்டளவைகளுமே θ-வைக் குறைத்து மதிப்பிடுகின்றன. மொமென்ட் முறை பிறழ்ச்சியற்றது என்று பொதுவாக எழுதியவரின் விடை இங்கே தவறாகிவிடும்.